டிசம்பர் வரை காத்திருக்க வைக்காதீர்கள்: ஒப்பந்த ஆசிரியைக்கு எப்போது, எப்படிச் சொல்வது?



நம் ஊர்களில் முன்பள்ளி, நூலகம், கணினி வகுப்பு, பள்ளிவாசல் அலுவலகம் என்று பல இடங்களில் ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் டிசம்பர் 31இல் முடியும். அடுத்த வருடம் அவர் இருப்பாரா, மாட்டாரா என்பதை நிருவாகம் எப்போது சொல்கிறது? அனேகமாக டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு கோல் வரும். சில இடங்களில் அதுவும் வராது. ஜனவரியில் வேறொருவர் வந்து நிற்பதைப் பார்த்துத்தான் பழையவருக்கு விசயம் விளங்கும்.

இதில் கெட்ட எண்ணம் இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம், "இன்னும் நாள் இருக்குதானே" என்ற நினைப்பு, கூட்டம் கூடாத நிருவாகம், இவைதான் காரணம். ஆனால் டிசம்பர் கடைசியில் கேள்விப்படுகிற ஆசிரியைக்கு வேறு முன்பள்ளி தேட நேரம் இல்லை. மற்ற இடங்கள் ஒக்டோபர், நவம்பரிலேயே ஆள் எடுத்து முடித்துவிடும். நாம் இரண்டு மாதம் பேசாமல் இருந்தால் அவருக்கு ஒரு முழு வருடம் போய்விடும்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு சிறிய முன்பள்ளியின் நிருவாக சபையில் இருக்கிறோம். இருவர் ஆசிரியர்கள், ஒருவர் கடை வைத்திருப்பவர், ஒருவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஒருவர் பிள்ளையின் தாய். 2025ஆம் ஆண்டு எங்கள் முன்பள்ளியில் மூன்று ஆசிரியைகள் இருந்தார்கள். இருவர் நிரந்தரம். மூன்றாமவர் 2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒப்பந்தத்தில் வந்தவர். அவரை நீடிப்பதா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்தோம், எப்படிச் சொன்னோம் என்பதை அவருடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறோம். இதே நிலையில் இருக்கும் வேறு நிருவாகங்களுக்கு உதவலாம்.

முதலில் திகதியைப் பின்னோக்கி எண்ணினோம்

ஒப்பந்தம் முடியும் நாளிலிருந்து பின்னால் எண்ணுவதுதான் முதல் வேலை. டிசம்பர் 31 முடிவு. வேறு வேலை தேட ஒருவருக்கு மூன்று மாதமாவது தேவை. ஆகவே செப்டெம்பர் முடிவதற்குள் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முன் சபை கூடி முடிவெடுக்க வேண்டும். சபை முடிவெடுக்க வேண்டுமென்றால் அடுத்த வருடம் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும்.

எங்களுக்குச் சிக்கல் அங்கேதான் இருந்தது. புதுப் பிள்ளைகளுக்கான விண்ணப்பப் படிவத்தை வழமையாக நவம்பரில்தான் கொடுப்போம். நவம்பரில் படிவம் கொடுத்தால் டிசம்பரில்தான் எண்ணிக்கை தெரியும். அப்படியிருக்க செப்டெம்பரில் என்ன முடிவெடுப்பது? பல நிருவாகங்கள் பிந்திச் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான். அவர்களிடம் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதவர்கள் "பார்ப்போம்" என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே படிவம் கொடுப்பதை ஆகஸ்ட் 15க்கு முன்தள்ளினோம். செப்டெம்பர் 15 கடைசித் திகதி. அடுத்த சனிக்கிழமை, செப்டெம்பர் 20, சபைக் கூட்டம். செப்டெம்பர் 23 செவ்வாய், ஆசிரியையிடம் சொல்லும் நாள். இந்த நான்கு திகதிகளையும் ஜூலை மாதமே அவரிடம் சொல்லி வைத்தோம். "டீச்சர், அடுத்த வருசத்தப் பத்தி செப்டெம்பர் 23ஆம் திகதி உங்களுக்குத் தெளிவாச் சொல்லுவோம். அதுக்கு முன்ன யாராவது ஏதாவது சொன்னா அது சபையின்ட முடிவு இல்ல" என்று. ஊரில் கதை பரவுவது நமக்குத் தெரியும்தானே. திகதி தெரிந்திருந்தால் அவர் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்து ஊகிக்கத் தேவையில்லை.

வேலை இருக்கிறதா, ஆள் பொருத்தமா: இரண்டும் வேறு கேள்விகள்

கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது "அடுத்த வருடம் அந்த இடம் இருக்கிறதா?" என்பது. "இவர் அந்த இடத்துக்குப் பொருத்தமா?" என்பது இரண்டாவது. இவை இரண்டும் கலந்துவிட்டால் அநியாயம் நடக்கும். காசு இல்லாத குறையை ஆளின் குறையாகச் சொல்லிவிடுவோம். அல்லது ஆளைப் பிடிக்காததைக் காசு இல்லை என்று சொல்லி மறைத்துவிடுவோம்.

முதல் கேள்விக்கு எங்கள் கணக்கு இப்படி வந்தது. 2025இல் கட்டணம் செலுத்திய பிள்ளைகள் 50. ஒரு பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபா. வருமானம் 100,000. ஒரு ஆசிரியைக்குச் சம்பளம் 27,000. அதன் மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ஆக ஒருவருக்கு 31,050. மூவருக்கு 93,150. மின்சாரம், தண்ணீர், கடதாசி, வர்ணம் எல்லாவற்றுக்கும் மிஞ்சியது 6,850 ரூபா. இழுத்துப் பறித்து நடந்தது.

2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக்குறைந்த மாத வேதனம் 27,000இலிருந்து 30,000 ஆகிறது. அப்போது ஒருவருக்கு 34,500. மூவருக்கு 103,500. பிள்ளைகள் பக்கம் பார்த்தால், 22 பேர் முதலாம் தரத்துக்குப் போகிறார்கள். 28 பேர் தொடர்கிறார்கள். செப்டெம்பர் 15 வரை வந்த புதிய விண்ணப்பம் 12. மொத்தம் 40. வருமானம் 80,000. மூன்று ஆசிரியைகளை வைத்தால் சம்பளத்துக்கே மாதம் 23,500 ரூபா குறையும். வருடத்துக்கு 282,000. இரண்டு பேர் என்றால் 69,000 போக 11,000 மிஞ்சும். ஒருவருக்கு 20 பிள்ளைகள்.

கட்டணத்தைக் கூட்டலாமா என்றும் பார்த்தோம். 40 பிள்ளைகளோடு மூன்று பேரை வைக்க வேண்டுமென்றால் கட்டணம் 2,750 ஆக வேண்டும். முச்சக்கரவண்டி ஓட்டுபவர்கள், நாட்கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர். இரண்டு பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களும் உண்டு. எங்கள் சபையில் இருந்த தாய் ஏழெட்டு வீடுகளில் விசாரித்துவிட்டு வந்து, "750 கூட்டினா நாலு பேராவது நிண்டுருவாங்க" என்றார். நான்கு பிள்ளைகள் நின்றால் கூட்டிய கட்டணமும் மூவரின் சம்பளத்துக்குப் போதாது. ஆகவே முதல் கேள்விக்கு விடை தெளிவானது. மூன்றாவது இடம் அடுத்த வருடம் இல்லை.

அப்படியானால் ஏன் அவர்?

இடம் ஒன்று குறைகிறது என்றால் மூவரில் யார் என்ற கேள்வி வரும். சபையில் ஒருவர், "புது டீச்சர்தான் நல்லாப் படிச்சுக் குடுக்கிறா. பழையவங்கள்ல ஒருத்தர நிப்பாட்டினா என்ன?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

நாங்கள் ஒப்பந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். "2025இல் சேர்ந்துள்ள மேலதிகப் பிள்ளைகளுக்கான வகுப்புக்காக" என்று அதில் காரணம் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை. மற்ற இருவருக்கும் முடிவுத் திகதி சொல்லி நாம் வேலை கொடுக்கவில்லை. அவர்களில் ஒருவரை நிறுத்துவது கொடுத்த வாக்கை முறிப்பது. ஒப்பந்தத்தை அதன் நாளில் முடிப்பது வாக்கை முறிப்பதாகாது. ஆகவே ஒப்பந்தக் கடிதம் எழுதும்போதே "ஏன் ஒரு வருடம்?" என்பதற்கு ஒரு வரி எழுதி வையுங்கள். முடிவெடுக்கும் நாளில் அந்த ஒரு வரி இரண்டு பக்கத்தாருக்கும் உதவும்.

அடுத்து இன்னொரு பேச்சு வந்தது. "டீச்சர் அடிக்கடி லேட். அதையும் காரணமாச் சேர்த்து எழுதினா நமக்குப் பலம்." வரவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னோம். ஜனவரியிலிருந்து செப்டெம்பர் வரை 11 நாள் பிந்தியிருக்கிறார். அதில் 10 நாள் மே, ஜூன் மாதங்களில். காலை பஸ் ஓடாமல் நின்ற காலம் அது. ஜூன் கடைசியில் இதைப் பற்றி அவருடன் பேசியிருந்தோம். அதற்குப் பிறகு பிந்தியது ஒரே ஒரு நாள். "அடிக்கடி" என்பது நமது ஞாபகம். புத்தகம் வேறு சொல்கிறது. சொல்லித் திருந்திய ஒன்றைக் கடைசி நாளில் எடுத்து வைப்பது நியாயமில்லை. அது முடிவுக்குக் காரணமும் இல்லை. காரணம் இல்லாததைக் காரணம் என்று எழுதினால், நாளை அவர் வேறு இடத்தில் வேலை கேட்கும்போது அந்தக் கடிதம் அவருக்கு எதிராக நிற்கும்.

மூன்றாவதாக ஒருவர் மெல்லச் சொன்னார், "போன மாசம்தான் கல்யாணம் முடிச்சவங்க. அடுத்த வருசம் பிரசவ லீவு கேப்பாங்க." இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. அவர் கல்யாணம் முடிக்காமல் இருந்தால் நமது முடிவு மாறுமா? மாறும் என்றால் நமது முடிவு பிழை. மாறாது என்றால் அந்தப் பேச்சு கூட்டத்துக்குத் தேவையே இல்லை. எங்கள் கணக்கில் 23,500 குறைவது யார் கல்யாணம் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் குறையத்தான் போகிறது. கூட்டக் குறிப்பில் மூன்று வரி மட்டும் எழுதினோம்: பிள்ளைகள் 40, சம்பளத்துக்கு மட்டும் மாதம் 23,500 குறைவு, மூன்றாவது இடம் 2026இல் இல்லை.

சொன்ன நாள்

சொல்வதற்கு இருவர் போனோம். ஒருவர் தலைவர். மற்றவர் சபையில் உள்ள பெண் ஆசிரியை. ஐந்து பேரும் போய் உட்கார்ந்தால் விசாரணை போலாகிவிடும். ஒருவர் மட்டும் போனால் பிறகு "அப்படிச் சொல்லவில்லை, இப்படிச் சொன்னார்" என்று வரும். நேரம் பிள்ளைகள் போன பிறகு, பன்னிரண்டு மணி. அடுத்த நாள் வேலை நாளாக இருக்கும்படி பார்த்தோம். விடுமுறைக்கு முந்திய நாளில் சொன்னால், அவருக்குக் கேள்வி வரும்போது பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தோம். முதல் இரண்டு வசனத்துக்குள் முடிவு வந்துவிட வேண்டும். சுகம் விசாரித்து, அவருடைய சேவையைப் புகழ்ந்து, பத்து நிமிடம் கழித்துச் சொன்னால், அந்தப் பத்து நிமிடமும் அவர் நல்ல செய்தி என்று நினைத்துக் கொண்டிருப்பார்.

தலைவர் சொன்னது இவ்வளவுதான்: "டீச்சர், உங்கட ஒப்பந்தம் டிசம்பர் 31ஆம் திகதி முடியுது. அடுத்த வருசத்துக்கு நாங்க அதப் புதுப்பிக்கல்ல. பிள்ளைகள் 40தான் வாறாங்க, மூணு பேருக்குச் சம்பளம் குடுக்க ஏலாது. உங்கட படிப்பிச்சலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கணக்கு இந்தாருக்கு, நீங்களே பாருங்க."

பிறகு பேசாமல் இருந்தோம். இது கஷ்டம். அமைதி வந்ததும் நமக்கு ஏதாவது சொல்லத் தோன்றும். "இன்ஷா அல்லாஹ் பார்ப்போம், ஏதாவது வழி வரும்" என்று வாய் வரை வரும். வழி இல்லை என்று தெரிந்தும் அதைச் சொன்னால், அந்தச் சொல்லையே ஒரு "இல்லை"க்குத் திரையாகப் போடுகிறோம். கேட்பவர் அதை நம்பி வேறு இடம் தேடாமல் இருந்துவிடுவார்.

அவர் முதலில் கேட்டது, "அப்ப என்ட வேலையில குறை ஒண்டும் இல்லையா?" இல்லை என்றோம். லேட் பற்றி ஜூனில் பேசினோம், அது சரியாகிவிட்டது, இதற்கு அது காரணமில்லை என்பதையும் சொன்னோம். அடுத்தது, "கிழமைக்கு மூணு நாள் மட்டும் வந்தா ஏலாதா?" என்று கேட்டார். அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், "அடுத்த செவ்வாய்க்கிழமை பதில் சொல்றோம்" என்றோம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று நாள் சம்பளமும் நிதிகளும் போனால் மிஞ்சும் 11,000 போதாது. செவ்வாய் அன்று அதே இருவரும் போய், முடியாது என்பதையும் ஏன் என்பதையும் சொன்னோம். திகதி கொடுத்தால் அந்தத் திகதியில் பதில் போக வேண்டும், பதில் "இல்லை" என்றாலும்.

ஒரு கதவு மட்டும் உண்மையிலேயே திறந்திருந்தது. பிள்ளைகள் 55 ஆனால் மூன்று பேருக்குச் சம்பளமும் கொடுத்து மின்சாரம், கடதாசிக்கும் 6,500 மிஞ்சும். ஆகவே சொன்னோம்: நவம்பர் 14ஆம் திகதி 55 பிள்ளைகள் பதிவாகியிருந்தால் இடத்தை முதலில் உங்களுக்குத் தருவோம். 54 என்றால் இல்லை. 40இலிருந்து 55க்குப் போவது கஷ்டம், அதை நம்பி வேறு வாய்ப்பை விட்டுவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னோம். நம்பிக்கை கொடுப்பதானால் அதற்கு ஒரு எண்ணும் ஒரு நாளும் இருக்க வேண்டும். நவம்பர் 14இல் வந்தது 43. திங்கட்கிழமை காலை அதையும் அவருக்குச் சொன்னோம்.

கடிதம்

வாயால் சொன்ன அன்றே கடிதமும் கொடுத்தோம். அதிர்ச்சியில் இருப்பவருக்குக் கேட்டதில் பாதி ஞாபகம் இருக்காது. வீட்டில் கேட்பார்கள், காட்ட ஏதாவது வேண்டும். கடிதம் ஒரு பக்கம்தான்:

"2025.01.01 முதல் ஒரு வருடத்துக்கான உங்கள் சேவை ஒப்பந்தம் 2025.12.31 அன்று முடிவடைகிறது. 2026இல் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவதால் மூன்றாவது ஆசிரியைப் பதவி தொடராது. ஆகவே ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது. இம்முடிவு உங்கள் சேவையின் தரத்துடன் தொடர்புடையதல்ல. டிசம்பர் மாதச் சம்பளம் முழுமையாக 31ஆம் திகதி வழங்கப்படும். அத்திகதி வரையான ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதிக் கொடுப்பனவுகள் செலுத்தப்படும். உங்களுக்கு மீதமுள்ள லீவு 9 நாட்கள். நேர்முகப் பரீட்சைகளுக்குச் செல்ல முன்னறிவித்து லீவு பெறலாம். சேவைச் சான்றிதழ் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."

இரண்டு பிரதி. ஒன்றில் அவருடைய கையொப்பம். "கடிதம் கிடைத்தது" என்பதற்கு மட்டும்தான் கையொப்பம், "சம்மதம்" என்பதற்கு அல்ல என்று அந்த இடத்திலேயே எழுதியிருந்தோம். சேவைச் சான்றிதழை டிசம்பரில் அல்ல, செப்டெம்பரிலேயே கொடுத்தது முக்கியம். வேலை தேடும்போதுதான் அது தேவை. தேடி முடிந்த பிறகு கொடுத்து என்ன பயன்?

"முன்னாடியே சொன்னா மனசு விட்டுருவாங்க"

முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்பவர்கள் வழமையாகச் சொல்லும் காரணம் இது. எங்கள் சபையிலும் வந்தது. மூன்று மாதம் அரைமனதாக வேலை செய்வார், இடையில் விட்டுப் போவார், டிசம்பர் கலைவிழா குழம்பும் என்றார்கள்.

இடையில் போகும் சாத்தியம் உண்மையிலேயே உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆகவே அதற்கும் ஏற்பாடு செய்தோம். கலைவிழாவில் அவருடைய வகுப்புப் பாடல்களை மற்றொரு ஆசிரியையும் ஒக்டோபரிலிருந்து சேர்ந்து பழக்கினார். பிள்ளைகளின் முன்னேற்றக் குறிப்புகளை ஒவ்வொரு மாதமும் கோப்பில் போடச் சொன்னோம். ஒப்பந்தம் முடிகிற ஒருவருக்கு வேறு இடம் கிடைத்துப் போவது நமக்கு எதிரான செயல் அல்ல. அதற்காகத்தானே முன்கூட்டிச் சொன்னோம்.

நடந்தது என்னவென்றால், ஒக்டோபரில் பக்கத்து ஊர் முன்பள்ளியொன்றில் நேர்முகப் பரீட்சைக்குப் போனார். நவம்பரில் இடம் கிடைத்தது. பஸ் செலவு கொஞ்சம் கூட. அவர்கள் டிசம்பர் 15இலிருந்து பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். கலைவிழா அதற்கு முன்பே முடிந்திருந்தது. மீதியிருந்த லீவு நாட்களை அதற்குக் கழித்து, மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்து அனுப்பினோம்.

ஆளில் குறை இருந்தால்?

இடம் இருக்கிறது, ஆனால் ஆள் பொருத்தமில்லை என்ற நிலையும் வரும். அப்போது செப்டெம்பரில் சொல்வது போதாது. மார்ச் கடைசியிலும் ஜூன் கடைசியிலும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். "கவனமாக நடக்க வேண்டும்" என்பது பேச்சல்ல. "பிள்ளைகளை ஒப்படைக்கும்போது கையேட்டில் பெற்றோரின் கையொப்பம் எடுப்பதில்லை, ஏப்ரலில் நான்கு நாள் எடுக்கவில்லை, இனி ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டும், ஜூன் 30இல் மீண்டும் பார்ப்போம்" என்பதுதான் பேச்சு. அதை எழுதி ஒரு பிரதி அவரிடமும் கொடுங்கள்.

நியாயமா என்று அறிய ஒரு அடையாளம் இருக்கிறது. செப்டெம்பரில் நீங்கள் சொல்லும் குறை அவர் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்பது என்றால், அவருக்குத் திருந்த ஒரு நாள்கூட நாம் கொடுக்கவில்லை. அந்த வருடம் அதைக் காரணமாக வைக்க முடியாது.

நீடிப்பதாக முடிவெடுத்தாலும் இதே திகதியில் இதே போலச் சொல்ல வேண்டும். "இருப்பீங்கதானே" என்று போகிற போக்கில் கேட்பது நீடிப்பு அல்ல. புதிய திகதிகள், புதிய சம்பளம் எழுதிய கடிதம் டிசம்பர் 31க்கு முன் கையில் இருக்க வேண்டும்.

சட்டப் பக்கம் கொஞ்சம்

"ஒப்பந்தம் முடிஞ்சா முடிஞ்சதுதான், சட்டம் ஒண்டும் கேக்காது" என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. காலம் குறிப்பிட்ட ஒப்பந்தம் அதன் நாளில் தானாக முடிவடைவது பொதுவான நிலை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், அதாவது ஊழியரை வேலையிலிருந்து நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ கேட்கும் சட்டம், 15 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தாது.

ஆனால் தொழில் நியாய சபைக்குப் போக அந்த 15 என்ற எல்லை இல்லை. வேலை நீக்கப்பட்டதாக நினைப்பவர் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால், அல்லது திகதி முடிந்த பிறகும் கடிதமில்லாமல் ஜனவரி, பெப்ரவரி என்று வேலை வாங்கியிருந்தால், "இது ஒரு வருட ஒப்பந்தம்தான்" என்ற வாதம் பலவீனப்படும். சபை தாளில் உள்ள பெயரோடு நடந்ததையும் பார்க்கும். கடிதமில்லாமல் தொடர விடுவது ஊழியருக்கும் நிச்சயமில்லாத நிலை, நிருவாகத்துக்கும் ஆபத்து. பல வருடம் தொடர்ந்தவர் விடயத்தில் ஒரு சட்டத்தரணியிடமோ பிரதேச தொழில் அலுவலகத்திலோ கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நிருவாகங்களில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமை உங்கள் கோப்பைத் திறந்து ஒப்பந்தம் முடியும் திகதியைப் பாருங்கள். அதிலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணுங்கள். அந்த நாளை ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் நாளைக்கே சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களும் கேட்கத் தயங்க வேண்டாம்: "என்ட முடிவ எந்தத் திகதியில சொல்லுவீங்க?" இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. திகதி சொல்லக்கூடிய நிருவாகம் சொல்லிவிடும். சொல்லாவிட்டால், வேறு இடமும் தேடத் தொடங்குங்கள்.